மே மாதப் பண்டச் செலவு: கணக்குப்படியான பயன்பாடும் மெய்யான பயன்பாடும்

பெறுநர்: பொது மேலாளர், தலைமைச் சமையலர், கொள்முதல் பிரிவு
அனுப்புநர்: செலவுக் கணக்குப் பிரிவு, ஏற்காடு விடுதி

கோடை விழாக் கூட்டத்தினால் மே மாத விற்பனை உயர்ந்த போதிலும், சமையலறைப் பண்டச் செலவு விற்பனையைவிட வேகமாக உயர்ந்திருப்பதால், அதிகம் நகரும் சில பண்டங்களை மட்டும் எடுத்து இந்த அறிக்கை ஆராய்கிறது. பில்லில் பதிவான பிளேட்டுகளைச் செய்முறை அட்டையிலுள்ள அளவால் பெருக்கி, சுத்தம் செய்தபின் தேறும் விகிதத்தால் வகுத்தால் வருவது கணக்குப்படியான பயன்பாடு. மாதத் தொடக்க இருப்புடன் கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பையும் பணியாளர் உணவுக்குக் கொடுத்ததையும் கழித்தால் வருவது மெய்யான பயன்பாடு. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதையும் விரயம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஒரு பகுதி கணக்கின் பிழையாகவும் இருக்கலாம் என்பதை மாம்பழத்தின் கணக்கு காட்டும்.

முதலில் கோழி. பனிநீர் வடிந்தபின் எடைபோட்ட 20 கிலோ கோழியைத் தோலும் கொழுப்பும் நீக்கி வெட்டியபோது 16.8 கிலோ தேறியது. ஆகவே தேறும் விகிதம் 84 சதவீதம். மாதத்தில் விற்ற பிரியாணி 1,850 பிளேட். பிளேட்டுக்கு 180 கிராம் வீதம் 333 கிலோ. மிளகுக் கோழி வறுவல் 940 பிளேட். 200 கிராம் வீதம் 188 கிலோ. இந்த 521 கிலோவைப் பெற 620.2 கிலோ வாங்கினால் போதும். ஆனால் தொடக்க இருப்பு 42, கொள்முதல் 735, இறுதி இருப்பு 38, பணியாளர் உணவு 35 என்று கணக்கிட்டால், செலவானது 704 கிலோ. கூடுதல் 83.8 கிலோ; கிலோ 230 ரூபாய் விலையில் 19,274 ரூபாய்.

கோழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இந்தக் கூடுதல் வரவில் போனதா, வெட்டில் போனதா, கரண்டியில் போனதா என்று சொல்ல முடியாது. அதே அண்டாவில் வேகும் சீரக சம்பா அரிசியோ ஐஸ் கலந்து வருவதில்லை, அதில் தோலும் கொழுப்பும் இல்லை. ஆகவே அரிசியின் வித்தியாசம் அண்டாவுக்குப் பின் நடப்பதை மட்டுமே சொல்லும். செய்முறை அட்டையின்படி 6 கிலோ அரிசியும் 9 கிலோ கோழியும் சேர்ந்த ஓர் அண்டா 50 பிளேட் தர வேண்டும். 1,850 பிளேட்டுக்கு 37 அண்டா, 222 கிலோ அரிசி. சமையலறைக் குறிப்பேட்டில் தம் போட்டது 42 அண்டா. ஸ்டோரிலிருந்து இறங்கிய அரிசியும் அதற்குச் சரியாக 252 கிலோ. கூடுதல் 30 கிலோ, கிலோ 140 ரூபாய் வீதம் 4,200 ரூபாய்.

பரிமாறும்போது உடனிருந்து எட்டு அண்டாக்களை எண்ணியதில், சராசரியாக ஓர் அண்டாவுக்கு 46 பிளேட்டே கிடைத்தது. அந்த வீதத்தில் 1,850 பிளேட்டுக்கு 40.2 அண்டா தேவைப்பட்டிருக்கும், மீதமுள்ள 1.8 அண்டா விற்காமல் இரவில் மிஞ்சி, எங்கும் எழுதப்படாமல் போனது. இதையே கோழிக்குப் பொருத்தினால், பிளேட்டில் கூடுதலாக விழுந்தது, வாங்கும் எடையில், சுமார் 34.5 கிலோ, மிஞ்சிய அண்டாக்களில் போனது சுமார் 19.1 கிலோ. எஞ்சிய முப்பது கிலோ அண்டாவுக்கு முன்பே மறைந்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து வரும் பெட்டிகளில் ஐந்தை அரை மணி நேரம் கூடையில் வடியவிட்டு எடைபோட்டபோது, பில் எடையைவிட 4 சதவீதம் குறைந்தது. 735 கிலோவில் இது 29.4 கிலோ, நாம் 6,762 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கியிருக்கிறோம்.

மூன்றும் சேர்ந்தால் 83 கிலோ ஆகிறது. இவ்வளவு நெருங்கி வருவதை நான் முழுமையாக நம்பவில்லை: பணியாளர் உணவுக்கான 35 கிலோ எடைபோட்டு எழுதப்பட்டதன்று, உத்தேசம்; வறுவல் பிளேட்டுகளைத் தனியே நிறுத்தும் பார்க்கவில்லை. இருப்பினும் மூன்று காரணங்களின் வரிசையும் ஏறத்தாழ அவற்றின் பருமனும் இவைதான் என்பதில் ஐயமில்லை.

ஒரு பிளேட் பிரியாணியின் அடக்க விலையில் இது எப்படி விழுகிறது என்பதையும் காண வேண்டும். அட்டையின்படி கோழி 49.29, அரிசி 16.80, எண்ணெய், நெய், வெங்காயம், தயிர், மசாலா சேர்ந்து 24.40, சால்னாவும் பச்சடியும் 9 என மொத்தம் 99.49 ரூபாய், வரி நீங்கலாக 280 ரூபாய் விற்பனை விலையில் இது 35.5 சதவீதம். மேற்சொன்ன மூன்றையும் ஏற்றினால் அடக்கம் 114 ரூபாயைத் தொட்டு, 40.7 சதவீதமாகிறது. விலையை உயர்த்தலாம் என்று சென்ற கூட்டத்தில் எழுந்த யோசனையை, கரண்டியைச் சரிசெய்யும் வரை ஒத்திவைப்பதே முறை. வாடிக்கையாளர் யாரும் அளவு குறைவு என்று சொன்னதில்லை. அளந்து போடும் கரண்டி இல்லாததால் ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது, அவ்வளவே. சமையற்காரர்கள் மீது குற்றம் சுமத்த இதில் இடமில்லை.

மாம்பழச் சாற்றின் கதை நேர்மாறானது. 1,200 கோப்பைக்கு 120 கிராம் வீதம் 144 கிலோ சதை வேண்டும். தோலும் கொட்டையும் போக 70 சதவீதம் தேறும் என்று அட்டையில் எழுதியிருப்பதால் கணக்குப்படி 205.7 கிலோ, செலவானதோ 250 கிலோ. இந்த வித்தியாசத்துக்காகச் சாறு பிழியும் ஊழியரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. ஆனால் அதே பழத்தை நம் முன்னிலையில் வெட்டி நிறுத்தபோது தேறியது 58 சதவீதமே. அந்த விகிதத்தில் தேவை 248.3 கிலோ. விரயம் இரண்டு கிலோவுக்கும் குறைவு. பிழை அட்டையில்தான் உள்ளது. ஊழியரிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும். கிலோ 60 ரூபாயில் கோப்பைக்கு 10.29 ரூபாய் என்றிருந்த பழச் செலவை 12.41 என்று திருத்த வேண்டும். பழத்தின் வகை மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

துவரம் பருப்பில் 96 கிலோவுக்குப் பதிலாக 113 கிலோ செலவாகியுள்ளது. இந்த அட்டை சேலத்துச் சமையலறையில் எழுதப்பட்டது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு குழைய நேரமாகிறது. காலை அவசரத்தில் குழையாத பருப்போடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் சாம்பாரைக் கெட்டிப்படுத்துகிறார்கள். பிரஷர் குக்கரில் வேகவைத்தால் பருப்பும் கேஸும் மிச்சமாகும்.

பொரிக்கும் எண்ணெயிலும் கூடுதல் உண்டு. அதைக் குறைக்கச் சொல்லி நான் பரிந்துரைக்கவில்லை. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கழித்த எண்ணெயை லிட்டரில் எழுதிக் கணக்கில் சேர்த்தால் போதும். காபிக்கான பாலில் உள்ள சிறு வித்தியாசம் பணியாளர் காபி.

ஜூன் முதல் தேதியிலிருந்து கோழியைக் கூடையில் அரை மணி நேரம் வடித்தபின் வரும் எடைக்கே வரவுச் சீட்டு போட ஸ்டோருக்கு அனுமதி வேண்டும். விற்பனையாளரிடம் இதைக் கொள்முதல் பிரிவு முன்னதாகப் பேசிவிட வேண்டும். பிரியாணிக்கு அளவுக் கரண்டி இரண்டு வாங்க வேண்டும். இரவு எட்டு மணிக்குமேல் புதிய தம் போடுவதைத் தலைமைச் சமையலர் முடிவு செய்யட்டும். அரை அண்டா போடவும் அவருக்கு உரிமை இருக்கட்டும். மிஞ்சியது எதுவானாலும், பணியாளருக்குக் கொடுத்தாலும் கொட்டினாலும், எடைபோட்டு அன்றிரவே குறிப்பேட்டில் ஏற வேண்டும். அடுத்த இருப்பெடுப்பு ஜூன் 15 காலை, காலைச் சிற்றுண்டிக்கான பண்டம் ஸ்டோரிலிருந்து இறங்குவதற்கு முன்பாக.