எத்தனை கிலோ வெட்டு?

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஆறாவது காம்பராவின் கதவில், கீழ்ப் பலகை நீளமாக வெடித்திருக்கும். பிரசாத் உதைத்தது. 16 வயது, சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருடம்.

அன்று சண்டை ஒரு சவர்க்காரக் கட்டிக்காக. மலையிலிருந்து வந்த அம்மா இடுப்புப் படங்கை அவிழ்ப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"சவுக்காரத்த எங்கடா தொலைச்ச?"

"நானா தின்னேன்?"

அதற்கு மேல் யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. கதவை உதைத்துவிட்டு பிரசாத் பீலிக்கரையில் போய் உட்கார்ந்தான். சவர்க்காரம் அங்கே கல்லின் மேல் கரைந்துகொண்டிருந்தது. காலையில் அவன் வைத்ததுதான். அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. அம்மா ரொட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கட்டசம்பலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவன் கொழுந்து மடுவத்துக்குப் போனபோது பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது.

அம்மாவின் சாக்கு தராசில் ஏறியது. முள் 9இல் நின்றது. கணக்கப்பிள்ளை 7 என்று எழுதினார்.

"தண்ணிக்கு ஒன்னு, சாக்குக்கு ஒன்னு. அடுத்த ஆள் வா."

அம்மா வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். வீட்டில் கூரைத் தகரம் அதிரக் கத்துகிறவள், சாக்கை உதறி மடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். குனிந்து கால் விரலிடுக்கில் இருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். இரத்தம் நிற்காமல் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "மழையில ஏன்டா வந்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

சாயந்திரம் வாசலில் கால் வைத்தவுடனே தொடங்கினாள்.

"சோத்துப் பானைய மூடி வைக்கத் தெரியாதா ஒனக்கு?"

பானை மூடித்தான் இருந்தது. "கண்ணு தெரியலையா?" என்ற பதில் அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அம்மா பானைப் பக்கமே பார்க்கவில்லை. அவள் விரல்கள் படங்கின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"இன்னைக்கு எத்தன கிலோ வெட்டுனாங்கம்மா?"

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூனு நிறுவையிலயும் ரெண்டு ரெண்டு. பதினெட்டு வேணும், பதினாறரைதான் நின்னுச்சு. அரைப் பேரு போட்டு பாதிச் சம்பளமாக்கிட்டான்." கொஞ்ச நேரம் கழித்து, "காலெல்லாம் வெறச்சிப் போச்சின்னு சொல்லக்கூட ஒரு ஆளு இல்லடா அங்க" என்றாள்.

அவன் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். உள்ளங்கையில் சீனி வைத்துக்கொண்டு அவள் குடித்தாள். பானையைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை.

இதோடு பிரசாத் நல்ல பிள்ளை ஆகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். நாலாம் நாளே தம்பியின் முதுகில் ஒன்று வைத்தான். விஞ்ஞானப் புத்தகத்தை விரித்திருந்தான், தம்பி டிவி போட்டான், அவ்வளவுதான். டிவியை நிறுத்தியும் கொதிப்பு அடங்கவில்லை. இப்போது அப்பாயியின் இருமல் எரிச்சலாக இருந்தது. பாவம், கிழவி இருமாமல் என்ன செய்யும்?

எனக்கு என்ன வெட்டு?

முதல் தடவையாகத் தன்னையே கேட்டுக்கொண்டான். 10க்கு 12 அடிக் காம்பரா. ஐந்து பேர், ஒரு பல்பு. அவன் புத்தகத்தைத் தாண்டாமல் யாரும் அடுப்படிக்குப் போக முடியாது. பிரச்சினை தம்பியின் டிவி அல்ல, யாரும் தாண்டாத இரண்டு மணி நேரம்தான் அவனுக்குக் குறைந்தது. அதை அம்மாவிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னான்.

"இதச் சொல்றதுக்கா கதவ ஒடச்ச?" என்றாள் அம்மா. சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை. "புள்ளக் காம்பரா சும்மாதானே கெடக்கு ராவுல. சாவி பாக்கியம் அத்தைகிட்ட இருக்கு. போய்க் கேளு."

முதுகைத் தடவிக்கொண்டு தம்பியும் சாக்குப் போர்த்தி டார்ச் பிடித்துக்கொண்டு வந்தான். பாக்கியம் அத்தை கதவைத் திறந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"ஏழு மணிக்கு மேல என்னடா சாவி? ஒங்களுக்கெல்லாம் நேரங்காலமே கெடையாதா?"

பிரசாத்துக்கு முகம் சூடானது. ஒரு எட்டு பின்னால் வைத்து அத்தையைப் பார்த்தான். பகல் முழுக்க இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள். பணம் கிடைக்கவில்லையோ, யாராவது ஏதும் சொல்லிவிட்டார்களோ?

"என்ன அத்தை, ஏதும் பிரச்சினையா?"

"பிரச்சினையும் மண்ணாங்கட்டியும். காத்து எலும்பக் குத்துது. உள்ள வந்து மொதல்ல கதவச் சாத்துங்கடா!"