இளஞ்சிறார் நீதிக் குழும ஆணையின் சுருக்கம்: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள பாதுகாவலருக்கு

ஐயா,

சென்னைக் குழுமத்தின் 12.06.2025 ஆணைப்படி, உங்கள் தங்கை மகன் பைக் திருட்டில் ஈடுபட்டது உண்மை என முடிவாகியுள்ளது. சிறை இல்லை. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் பாட்டியிடம் விடப்படுகிறான். 24ஆம் பிரிவின்படி இது அவன் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக்குறைவாகாது. இதை அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

பாட்டி 10,000 ரூபாய்க்குப் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும். சனிதோறும் ஆலோசனை வகுப்பு, பள்ளி வருகை கட்டாயம். வரமுடியாத நாளில் நன்னடத்தை அலுவலருக்கு முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலும் சிக்கலாகிறது. குழும அனுமதியின்றி அவனை டர்பனுக்கு அழைக்க வேண்டாம், டிக்கெட்டும் இப்போது எடுக்காதீர்கள்.

மறுஆய்வு 14.08.2025 காலை 10.30. வருகைச் சான்றுடன் பாட்டியும் பையனும் நேரில் வரவேண்டும். மேல்முறையீடு செய்வதானால், ஆணை தேதியிலிருந்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில்.

பையன் பெயரையோ படத்தையோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.