“உங்ககிட்ட இருக்கற பெரிய குறை என்னம்மா?”

தண்டையார்பேட்டையில் ஏற்றுமதி, இறக்குமதி பேப்பர் பார்க்கும் ஒரு ஆபீஸ். சீனியர் டாக்குமென்டேஷன் வேலைக்கு இன்டர்வியூ. கேட்பவர் மேனேஜர், பதில் சொல்பவர் இதே லைனில் 5 வருஷம் வேலை பார்த்தவர்.

“தப்பு தெரிஞ்சா லேட்டா சொல்றது, சார். மறைக்கிறதில்ல. நானே சரி பண்ணிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு உட்கார்ந்துடுவேன். பார்க்கறவங்களுக்குப் பொறுப்பா இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா கப்பலுக்குப் பெட்டி சேர வேண்டிய கட்-ஆஃப் நேரம் யாருக்காகவும் நிக்காதே சார். நான் தனியா மல்லுக்கட்டுற ரெண்டு மணி நேரத்துல மேனேஜர் கப்பல் லைனர்கிட்ட பேசியிருக்கலாம், சரக்கு அனுப்பற பார்ட்டி திருத்தின பேப்பர் அனுப்பியிருக்கலாம். ரெண்டையும் நான்தான் அடைச்சு வெச்சிருப்பேன்.

இது அதிகமா வர்றது வெயிட்ல. பேக்கிங் லிஸ்ட்ல கிராஸ் 18,400 கிலோன்னு இருக்கும். பெட்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைய சொல்ற விஜிஎம்-லயும் அதே 18,400 போட்டு அனுப்பிடுவாங்க. 20 அடி பெட்டியோட டேர், அதாவது காலிப் பெட்டி எடை, 2,200 கிலோ அதுல சேரவே இல்ல, 20,600 வரணும். இது சுலபமான கேஸ். பெட்டிக் கதவுல எழுதியிருக்கற டேரைக் கூட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும். வித்தியாசம் 300, 400 கிலோன்னு வந்தாதான் நான் மாட்டிக்குவேன். வே பிரிட்ஜ்ல வண்டியோட எடை சரியா கழிச்சாங்களா, பழைய சீட்டு எடையவே கழிச்சுட்டாங்களா, டேங்க்ல டீசல் எவ்வளவு இருந்துச்சு, பேலட் எடைய பேக்கிங் லிஸ்ட்ல சேர்த்தாங்களா, இப்படி ஒவ்வொண்ணா நானே தோண்டிட்டு இருப்பேன். அதுல ஒண்ணுக்குக்கூட விடை என்கிட்ட கிடையாது சார். ஃபேக்டரியில பெட்டி ஏத்தினவர்கிட்டதான் இருக்கு. இது புரியவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

லேட்டா சொன்னா ஆகற சேதம் நிஜமானது. கஸ்டம்ஸோட ஏற்றுமதி அனுமதியான எல்இஓ வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா ஷிப்பிங் பில்ல ஒரு அமெண்ட்மெண்ட்டோட முடியும். கப்பல் போனப்புறம்னா கஸ்டம்ஸ் சட்டம் 149-வது பிரிவுல மனு, அதுக்கு ஆதாரப் பேப்பர், ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடைன்னு இழுக்கும். துறைமுக கேட்லயே நின்னுட்டா இன்னும் மோசம். மணலியில இருந்து ஜீரோ கேட் தூரம் இல்ல, ஆனா எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லர் வரிசை நின்னுட்டா திரும்பப் போய் எடை போட்டு வர்றதுக்குள்ள பெட்டி கப்பல் ஏறாம ஷட் அவுட்.

அதனால மார்ச்ல இருந்து ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்கேன். சந்தேகம் வந்த நிமிஷத்த நோட்டுல எழுதுவேன். அதுல இருந்து 30 நிமிஷம் மட்டும் நானே பார்ப்பேன். முடியலன்னா மேனேஜருக்கு மூணு வரி போகும்: என்ன வித்தியாசம், கட்-ஆஃபுக்கு எவ்வளவு நேரம் இருக்கு, யார்கிட்ட இருந்து என்ன வேணும். கட்-ஆஃபுக்கு 6 மணி நேரத்துக்குள்ளன்னா அந்த 30 நிமிஷமும் கிடையாது, உடனே போன்தான். மூணாவது வரிதான் முக்கியம் சார். ‘வெயிட் தப்பா இருக்கு’ன்னு மட்டும் அனுப்பினா எதிர்ல இருக்கறவங்க என்ன ஏதுன்னு திருப்பிக் கேட்டே அரை மணி போயிடும். ‘காலி வண்டி எடை போட்ட சீட்டு போட்டோ வேணும்’னு கேட்டா பத்து நிமிஷத்துல வந்துடுது.

நோட்டுல இதுவரைக்கும் 31 என்ட்ரி. 26 நேரத்துக்குள்ள சொல்லியாச்சு. 5 தாண்டிடுச்சு.”

“அந்த அஞ்சு ஏன் தாண்டுச்சு?”

“அதுல 4 ராத்திரி 9 மணிக்கு மேல வந்தது, சார். இந்நேரத்துல போன் பண்ணி எழுப்பணுமான்னு தயங்கிட்டேன். அதாவது பழைய குணம் பகல்ல குறைஞ்சிருக்கு, ராத்திரியில அப்படியேதான் இருக்கு. அஞ்சாவது, இன்வாய்ஸ்ல சரக்கு வகைய சொல்ற ஹெச்எஸ் கோட் மாறினது. அது வெயிட் மாதிரி அவசரம் இல்லன்னு நானா முடிவு பண்ணினது தப்பு. பார்ட்டிக்கு வரியில திரும்ப வர வேண்டிய டிராபேக் ரேட் அந்த கோட வெச்சுத்தானே சார். இப்போ கோடு சந்தேகத்தையும் அதே நோட்டுல சேர்த்துட்டேன்.”

“ராத்திரி விஷயத்துக்கு என்ன பண்றீங்க?”

“சாயங்காலம் 6 மணிக்கே அடுத்த நாள் காலை கட்-ஆஃப் இருக்கற பெட்டிகள தனியா எடுத்து, விஜிஎம், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூணையும் பக்கத்துல வெச்சு எடை, பெட்டி நம்பர், சீல் நம்பர் பார்த்துடறேன். முக்காவாசி அப்பவே மாட்டிடுது. மீதிக்கு, ராத்திரி போன் பண்ணலாம்னு முன்னாடியே ஒருத்தர் பேர் தெரிஞ்சிருந்தா எனக்குத் தயக்கம் வராது. இங்க நைட் ஷிஃப்ட்ல அது யாரு சார்?”