காயத்துக்கு மருந்து கட்டுதல்: செய்முறைப் பரீட்சை, நிலையம் 4, புள்ளித்தாள்

இரண்டாம் வருட தாதிய மாணவி, சுட்டெண் 17. நேரம் 12 நிமிடம். முடித்தது 11 நிமிடம் 20 செக்கனில்.

நோயாளி (நடிப்பவர்): தோட்டத் தொழிலாளி, 48 வயது. கவ்வாத்துக் கத்தி பட்டு இடது முழங்காலுக்குக் கீழே 5 செ.மீ. வெட்டு, தையல் போட்டு 4ஆம் நாள்.

ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. சரியாகச் செய்தால் 2, அரைகுறைக்கு 1, விட்டால் 0. ★ உள்ளதில் 0 எடுத்தால் மொத்தம் எவ்வளவானாலும் மீளச் செய்ய வேண்டும்.

1. தொடங்குமுன் கை சுத்தம் ★: 2

2. பெயரைக் கேட்டு பீஎச்டி எனும் நோயாளிச் சீட்டுடன் ஒப்பிடல், சம்மதம்: 2. "அண்ணே, எரிஞ்சா ஒடனே சொல்லுங்க" என்றார். அந்தப் பேச்சிலேயே நோயாளியின் கால் தளர்ந்தது.

3. ஒவ்வாமை, வலி: 1. பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். வலியைக் கேட்கவில்லை.

4. திரை, வெளிச்சம், காலைத் தாங்க வைத்தல்: 2

5. ட்ரொலி துடைத்தல், பொதி பார்த்தல்: 1. காலாவதித் திகதி பார்த்தார். ஓட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. கோடு இல்லையென்றால் பொதி சூட்டுக்குள் போகவே இல்லை என்று அர்த்தம்.

6. பழைய கட்டை எடுத்தல்: 1. கோஸ் ஒட்டியிருந்தது. சேலைன் விட்டு ஒரு நிமிடம் ஊறவிடாமல் இழுத்தார். நிஜக் காயமென்றால் புதுத் தோலும் சேர்ந்து வரும்.

7. காயத்தைப் பார்த்துச் சொல்லல்: 2. சிவப்பு, வீக்கம், சீழ், வாடை, தையல் விலகல் ஐந்தையும் வரிசையாகச் சொன்னார்.

8. அழுக்குக் கையுறையைக் கழற்றிய பின் கை சுத்தம் ★: 0. கழற்றினார், மஞ்சள் தொட்டியில் போட்டார், நேரே பொதியைத் திறக்கப் போனார். ஹேண்ட் ரப் போத்தல் ட்ரொலியின் கீழ்த்தட்டில், கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதும் அழுக்கு மணிக்கட்டில் படும். அதே கைதான் அடுத்து கிருமியற்ற பொதியைத் தொடுகிறது.

9. பொதி திறத்தல்: 2

10. சேலைன் ஊற்றல்: 1. லேபல் உள்ளங்கைப் பக்கம், சரி. போத்தல் வாய் கிண்ண விளிம்பில் முட்டியது.

11. கிருமியற்ற கையுறை அணிதல் ★: 2. வெளிப்புறத்தை வெறுங்கையால் தொடவில்லை.

12. துடைத்தல்: 1. தையலின் மேல் முதலில், பிறகு இரு பக்கமும், ஒழுங்கு சரி. மூன்றாவது ஸ்வொப்பைத் திருப்பி இன்னொரு தடவை இழுத்தார். ஒரு ஸ்வொப், ஒரு இழுப்பு.

13. உலர்த்திப் புதுக்கட்டு: 2. காயத்தைத் தாண்டி சுற்றிலும் 2 செ.மீ. மூடியிருந்தது.

14. கழிவு பிரித்தல்: 2

15. அறிவுரை, பதிவு: 1. மழையில் கட்டு நனைந்தால் மாற்ற வரச் சொன்னார், நல்லது. பதிவில் நேரமும் கையொப்பமும் இல்லை.

மொத்தம்: 22/30. சித்தி எல்லை 18.

முடிவு: மீளச் செய்ய வேண்டும், 8ஆம் இலக்கம் காரணமாக. கை நடுக்கமில்லை, பேச்சு நன்று. மறுதடவை 6, 8, 12 மூன்றையும் இன்னொரு பரீட்சகர் பார்ப்பார்.