அவன்தான் படித்தான்

(பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. மதிய இடைவேளை. தமிழ் முதுகலை படிக்கும் இசக்கியும் செல்வியும் வேப்பமரத்தடியில். மறுநாள் மொழியியல் தேர்வு. பயிற்சித்தாளில் ஒரு கேள்வி: ‘அவன்தான் படித்தான்’ என்ற தொடரில் வரும் ‘தான்’ உருபனா, அசையா?)

இசக்கி: இதில் யோசிக்க என்ன இருக்கு? உருபன்தான். ‘அவன்தான்’ என்றால் வேறு யாரும் இல்லை என்று அழுத்திச் சொல்கிறோம். பொருள் தரும் மிகச் சிறிய துண்டுதானே உருபன், இதில் பொருள் இருக்கிறதே!

செல்வி: ஏட்டி, வாயைத் திறந்து சொல்லிப் பாரு. அ-வன்-தான். ஒரே மூச்சில், ஒரே உயிரோடு வருகிறது. அப்போ அது அசை.

இசக்கி: ஒரே மூச்சில் வருவதெல்லாம் அசை, சரி. அதனால் அது உருபனாக இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

செல்வி: கேள்வியில் ‘உருபனா, அசையா’ என்றுதானே கேட்டிருக்காங்க.

இசக்கி: கேள்வி போட்டவங்க நம்மைச் சுற்றலில் விடப் பார்க்கிறாங்க. ‘கல்’லை எடு. ஒரே அசை, பொருளும் உண்டு. உருபன் பொருளைப் பார்த்துப் பிரிப்பது, அசை ஒலியைப் பார்த்துப் பிரிப்பது. ஒரே துண்டு இரண்டாகவும் இருக்கலாம்.

செல்வி: அப்படியானால் ‘படித்தான்’ இல் உள்ள ‘தான்’ உம் உருபன் என்பாயா?

இசக்கி: ஆமா. ஆண்பால்.

செல்வி: அங்கேதான் மாட்டினாய். ‘ஓடினான்’ இல் ‘தான்’ எங்கே? ‘பாடுவான்’? ‘உண்பான்’? எல்லாம் ஆண்பால்தான், ஒன்றிலும் ‘தான்’ இல்லை.

இசக்கி: (முணுமுணுத்தபடி எழுதிப் பார்க்கிறாள்) னான், வான், பான்... பொதுவாக இருப்பது ‘ஆன்’ மட்டும்.

செல்வி: ‘படித்தாள்’, ‘படித்தார்’ என்று மாற்றினால் ‘ஆன்’ போய் ‘ஆள்’, ‘ஆர்’ வருகிறது. ‘த்’ அசையவில்லை. அது இறந்தகாலத்துக்குச் சொந்தம். பகுபத உறுப்பாகப் பிரித்தால் படி + த் + த் + ஆன். பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி. மொழியியலில் ‘த்த்’ என்று ஒன்றாகவே எடுப்பதும் உண்டு.

இசக்கி: அசையாகப் பிரித்தால் ப-டித்-தான். ஓகோ, இடைநிலையில் பாதி... இரு, அந்த ‘த்’ இல் உயிரே இல்லையே!

செல்வி: அதனால் அது உருபன், ஆனால் ஒருநாளும் அசை ஆகாது. உயிர் இல்லாமல் அசை ஏது?

இசக்கி: ‘ஆன்’ தனியாக நின்றால் அசை. ஆனால் ‘படித்தான்’ என்னும்போது முன்னால் இருக்கும் மெய்யை இழுத்துக்கொண்டு ‘தான்’ ஆகிவிடுகிறது. நன்னூல் சொல்வதுதான்: “உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.”

செல்வி: அதேதான். உருபனின் எல்லை ‘த்’ துக்கும் ‘ஆ’ வுக்கும் நடுவே. அசையின் எல்லை அதற்கு முன்னால். நாம் எழுதும் ‘தா’ என்ற எழுத்தே அந்த எல்லையை மறைத்துவிடுகிறது. அதனால்தான் நீ ஏமாந்தாய்.

இசக்கி: நீ மட்டும் என்னவாம், முதல் ‘தான்’ ஐ வெறும் அசை என்றாயே. சரி, ‘திங்கள்’ சொல்லு.

செல்வி: திங்-கள். இரண்டு அசை.

இசக்கி: ‘மரங்கள்’ இல் ‘கள்’ பன்மை. ‘திங்கள்’ இல்?

செல்வி: ‘திங்’ என்று ஒன்று இருந்தால்தானே இரண்டு திங் வர! அங்கே ‘கள்’ வெறும் அசை. நம்ம ஊர் அல்வாவும் அப்படித்தான். அல்-வா. அந்த ‘வா’ யாரையும் கூப்பிடவில்லை.

இசக்கி: ‘திருநெல்வேலி’?

செல்வி: திரு, நெல், வேலி. உருபன் மூன்று. தி-ரு-நெல்-வே-லி, அசை ஐந்து.

இசக்கி: யாப்பில் நான்குதானே வரும்? நிரை, நேர், நேர், நேர்.

செல்வி: தாயே, அதை இதில் கலக்காதே. யாப்பில் ‘திரு’ இரண்டு குறில் சேர்ந்து ஒரே நிரையசை. மொழியியலில் உயிருக்கு ஒரு அசை. நாளைக்கு யாப்பு முறையில் எண்ணினால் மதிப்பெண் போய்விடும்.

இசக்கி: கடைசியாக ஒன்று. எங்க ஆச்சி ‘மாமா வந்தாவ’ என்பாள். அதில்?

செல்வி: வந்-தா-வ. ‘போனாவ’, ‘சொன்னாவ’ எல்லாவற்றிலும் மிஞ்சுவது ‘ஆவ’. மரியாதை விகுதி. ஓர் உருபன், ஆனால் இரண்டு அசையில் பரவிக் கிடக்கு.

இசக்கி: அப்போ விடையை எழுதிக்கோ. முதல் ‘தான்’ அசையும் உருபனும். இரண்டாவது ‘தான்’ அசை மட்டும். அதற்குள் இருப்பது ‘த்’ என்ற இடைநிலையும் ‘ஆன்’ என்ற விகுதியும்.

செல்வி: ‘ஓடினான்’, ‘பாடுவான்’ இரண்டையும் பக்கத்தில் எழுது. சான்று இல்லாவிட்டால் பாதி மதிப்பெண்தான் போடுவாங்க.