மாமாவுக்கு, ஐந்தாம் நாள் இரவு

மாமா,

வியாழக்கிழமை ராத்திரி தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனீர்கள். இன்றைக்குச் செவ்வாய். இந்த ஐந்து நாளில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் மூன்று செய்தி அனுப்பினேன், மூன்றுக்கும் நீல டிக் விழுந்ததோடு சரி. திங்கட்கிழமை துணை சுகாதார நிலையத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு பிரஷர் பார்த்துக்கொண்டே போனை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். "என்ன சிஸ்டர், வீட்ல உடம்பு சரியில்லையா?" என்று அந்தப் பெண்ணே என்னைக் கேட்டுவிட்டது. அதனால்தான் பாப்பாவின் பழைய ரஃப் நோட்டில் பேப்பர் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வண்டிச் சாவியை எடுக்கும்போது உங்கள் கைக்குக் கிடைக்கும். அங்கேயே நின்று படிக்க வேண்டாம். வாய்க்கால் கரைக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

முதலில் என் தப்பு. உங்கள் தம்பியும் அவர் வீட்டுக்காரியும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நீங்கள் ஆரத்தை சொசைட்டியில் வைத்துவிட்டு விதைநெல்லுக்கும் உழவுக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். நான் சட்டென்று, "போன வருஷம் போன வளையலே இன்னும் வீடு திரும்பல, இதுவும் போனா மஞ்சக் கயிறுதான் மிச்சம்" என்றேன். குழம்புக் கரண்டி கையில் இருக்கும்போது வந்த வார்த்தை அது. உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அண்ணன் முகத்தைப் பார்க்க அவருக்கே கூச்சம். அவர்கள் முன்னால் அதைச் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள். ஆனால் வளையலைப் பற்றிய கேள்வி தப்பில்லை. அதை நாம் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது நான் திரும்பவும் கேட்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதம் ஆரத்துக்காக இல்லை. ஆரத்துக்கு ஒரு வழி பண்ணிக்கொள்ளலாம்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இது எத்தனையாவது தடவை என்று நேற்று படுத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். நாத்தனார் வளைகாப்புக்கு நான் டூட்டி முடித்து லேட்டாக வந்தேன், நாலு நாள். போன தீபாவளிக்கு முன்னால், நீங்கள் கடன் வாங்கியதை என் அண்ணனிடம் சொல்லிவிட்டேன் என்று ஏழு நாள். தீபாவளி விடியற்காலையில் தலைக்கு வைக்கிற எண்ணெய்க் கிண்ணம்கூட பாப்பா கையில்தான் என்னிடம் வந்தது. சின்னச் சின்னதாக ஒரு நாள், ஒன்றரை நாள் என்று வந்ததையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். நான் ஏதாவது சொல்லிவிடுவேன். உங்கள் கழுத்து நரம்பு புடைக்கும். எழுந்து போவீர்கள். நான் பின்னாலேயே வந்து "பதில் சொல்லுங்க, பதில் சொல்லுங்க" என்பேன். நீங்கள் இன்னும் இறுகிப்போவீர்கள். மறுநாள் நான் பாத்திரத்தை டம் டம்மென்று வைப்பேன், அத்தைக்குப் போன் போட்டு மூக்கைச் சிந்துவேன். மூன்றாம் நாள் எனக்கும் வீம்பு வந்து நானும் பேச மாட்டேன். அப்புறம் ஏதோ ஒரு காலையில் நீங்கள் "டீ இருக்கா" என்பீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகவே காத்திருந்தவள் மாதிரி நான் இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்து வைப்பேன். அத்தோடு முடிந்தது. எதற்காகச் சண்டை போட்டோமோ அதைப் பற்றி மட்டும் நாம் பேசியதே கிடையாது. வளையல் விஷயம் அப்படித்தான் ஒரு வருஷமாக உள்ளேயே கிடந்து வியாழக்கிழமை கரண்டியோடு வெளியே வந்தது.

இதில் என் பங்கும் பாதி இருக்கிறது, தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. நாடி பிடித்துப் பார்ப்பதுதானே எனக்குப் பிழைப்பு. கோபத்தில் நாடித்துடிப்பு நூறைத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் சரியாக ஏறாது, நல்ல பதில் வாயிலும் வராது. அது அடங்கக் குறைந்தது இருபது நிமிஷமாவது வேண்டும். அந்த இருபது நிமிஷத்தை நான் உங்களுக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. வாசல் வரைக்கும் துரத்தி வந்திருக்கிறேன். வாயைத் திறந்தால் ஏடாகூடமாக ஏதாவது வந்துவிடும் என்றுதான் நீங்கள் மூடிக்கொள்கிறீர்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் தெரு முனைவரை கேட்கிறது. நீங்கள் இன்றுவரை என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, கை ஓங்கியதில்லை. அதை நான் மறக்கவில்லை.

அத்தை ஒரு தடவை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். மாமனார் கோபித்துக்கொண்டால் மாதக்கணக்கில் பேசமாட்டாராம். தட்டை முன்னால் நகர்த்தினால் இன்னும் கொஞ்சம் போடு, பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். அத்தை அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தால் ஆம்பளை இப்படித்தான் இருப்பான் என்று அந்த வீட்டில் நீங்கள் பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள். வேறு எப்படி இருப்பது என்று யாரும் உங்களுக்குக் காட்டவும் இல்லை.

என்னைத் தண்டிக்க வேண்டும் என்று நினைத்துச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தண்டனையாகத்தான் வந்து சேர்கிறது. ஒரே வீட்டில் ஒருத்தர் நம்மைத் தாண்டித் தாண்டிப் போகும்போது, நாம் இருக்கிறோமா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது மாமா.

எல்லா மௌனத்தையும் நான் குறை சொல்லவில்லை. 2018 நவம்பர் 16, கஜா அடித்துவிட்டுப் போன விடியற்காலை. கொல்லையில் தென்னை அத்தனையும் வேரோடு கிடந்தது. நீங்கள் அதற்கு நடுவில் போய் உட்கார்ந்தீர்கள். அப்புறம் கரண்டு இல்லாத அத்தனை நாளும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அப்போது ராத்திரியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மெழுகுவத்தி அணைந்தால் நீங்கள்தான் ஏற்றினீர்கள். பேச்சு இல்லையே தவிர, எனக்குக் கதவு மூடியிருக்கவில்லை. இப்போது இருப்பது அது இல்லை. எது எதுவென்று உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நமக்குக் கடைமடை. மேட்டூரில் ஷட்டர் தூக்கினார்கள் என்று பேப்பரில் வந்த அன்றே நீங்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். கல்லணைக்கு இத்தனை நாள், நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு இத்தனை நாள், அங்கே பிரிந்து கோரையாற்றில் இறங்கி நம் வாய்க்காலுக்கு வர இத்தனை நாள் என்று. முறை வைத்துத் தண்ணீர் விடும்போதும் நீங்கள் அவ்வளவாகக் கோபப்பட்டதில்லை. இத்தனை நாள் மேலே, இத்தனை நாள் நமக்கு என்று தெரிந்தால் நாற்று கொஞ்சம் வாடினாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பீர்கள். எதுவும் சொல்லாமல் அடைத்துவிட்டால்தான் மதகடியில் போய்ச் சத்தம் போடுவீர்கள். "தண்ணி இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, எப்ப வரும்னாவது சொல்லு, மனுஷன் வெதைக்கிறதா வேண்டாமா?" இது நீங்கள் போன வருஷம் கேட்டது. நானும் அதைத்தான் கேட்கிறேன்.

கோபம் வந்தால் எழுந்து போங்கள். இனிமேல் பின்னால் வரமாட்டேன், அத்தைக்குப் போன் போட மாட்டேன், பாத்திரம் சத்தம் கேட்காது. (பாத்திரத்துக்கு மட்டும் முழு உத்தரவாதம் கிடையாது. முயற்சி பண்ணுகிறேன்.) போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். "ராத்திரி பேசலாம்" என்றாலும் சரி, "நாளைக்கு" என்றாலும் சரி. வாயில் வரவில்லை என்றால் காலண்டர் தாளில் கிறுக்கிவிட்டுப் போங்கள். அதற்குமேல் ஒரு நாள் வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள், தருகிறேன். ஆனால் சொன்ன நாளில் வந்து உட்கார வேண்டும். அதை விட்டுவிட்டு நேராக டீக்குப் போய்விடக் கூடாது.

இன்னொன்று. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாப்பாவைத் தூது அனுப்பாதீர்கள். "அம்மாகிட்ட வெந்நீர் வைக்கச் சொல்லு", "அம்மாகிட்ட சொசைட்டி புக்கு எங்கேன்னு கேளு." நானும் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அனுப்பியிருக்கிறேன், நான் ஒன்றும் ஒழுங்கில்லை. நேற்றுத் தலை பின்னும்போது கேட்டாள், "அம்மா, நானும் பள்ளிக்கூடத்துல கோவம் வந்தா பேசாம இருந்தா எல்லாரும் பயந்துக்குவாங்களா?" எட்டு வயசு. ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாளை புதன்கிழமை ராத்திரி, ஒன்பது மணிக்குள் பாப்பா தூங்கிவிடுவாள். நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். சொசைட்டி ரசீதையும் போன சம்பா கணக்கு நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் வியாழக்கிழமை நடந்ததைப் பேசுவோம், நகை அப்புறம். நீங்கள் பேசி முடிக்கிறவரை குறுக்கே வரமாட்டேன். ஒருவேளை நாளைக்கு முடியாது என்றால் இந்தத் தாளின் பின்பக்கம் எந்தக் கிழமை என்று மட்டும் எழுதிச் சாவி மாட்டுகிற அதே ஆணியில் மாட்டிவிடுங்கள். பேனா உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது, இன்று துவைக்கும்போது எடுத்து வைத்துத் திரும்பச் செருகியிருக்கிறேன்.

உங்கள்
செல்வி

பின்குறிப்பு: சாயங்காலம் மேலத்தெரு அண்ணன் உங்களைத் தேடி வந்தார். டிராக்டர் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் கிடைக்குமாம், நேரடி விதைப்புக்கு அது சரிப்படுமா என்று நாளை மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டுமாம். இதை உங்களிடம் சொல்லப் பாப்பாவைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். ஒன்றுமில்லை, எழுது என்றுவிட்டேன்.