நீர் விலகும் தெரு: நாவல் டிரெய்லர், ஒரு நிமிடம், படப்பிடிப்புக்கான இறுதி ஸ்கிரிப்ட்

மொத்த நீளம் 60 விநாடி. நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 1500 ஃபிரேம். பேசப்படும் சொற்கள் 50 மட்டுமே. ஏற்கனவே மூன்று தடவை வெட்டிவிட்டேன், இனி ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம். பேச்சு நிற்கிற இடங்களில்தான் இந்த நாவல் மூச்சு விடுகிறது.

குரல்கள் இரண்டு. மகளுக்கு நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணின் குரல் வேண்டும். அறிவிப்பாளர் குரல் வேண்டவே வேண்டாம். பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி எப்படிப் பேசுவாளோ, அந்த அளவு சத்தம் போதும். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய குரல். அவருக்கு இருப்பது ஒரே ஒரு வரி, அது இரண்டு இடத்தில் வருகிறது. அதைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், பதிவு நாளுக்கு முன்னால் எல்லாரும் படித்துவிடுங்கள்.

இசை இல்லை. தண்ணீர், காற்று, காய்ந்த சேறு, உலோகம், இவற்றின் சத்தம் மட்டும்.

0:00 – 0:06

காட்சி: கருமையான, அசையாத நீர்ப்பரப்பு. நடுவில் நீர்மட்டம் காட்டும் வெள்ளைப் பலகை, அதில் கறுப்பு எழுத்தில் 31. கேமரா நகராது. நான்காவது விநாடியில் ஒரு சிற்றலை வந்து எண்ணின் அடியைத் தொட்டுவிட்டுப் போகிறது.

ஒலி: பலகையில் தண்ணீர் மோதும் மெல்லிய சத்தம்.

எழுத்து எதுவும் திரையில் வராது. நாவலின் பெயரை முதலிலேயே போட்டால் பார்ப்பவர் இதை விளம்பரமாகத்தான் பார்ப்பார். இந்த ஆறு விநாடியாவது அவர் தண்ணீரைப் பார்க்கட்டும்.

0:06 – 0:14

காட்சி: குளோசப். ஒரு இளம்பெண்ணின் கைகள் மரக்கதவின் நாதாங்கியை மாட்டுகின்றன, பித்தளைப் பூட்டை அழுத்துகின்றன. முகம் தெரியாது. பூட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறாள். அப்புறம் இன்னொரு தடவை. அவளுக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாமல், தெருவில் மற்ற வீடுகளின் கதவுகள் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கின்றன.

மகள்: அணை கட்டியபோது எல்லாரும் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

(பூட்டு மாட்டும் ‘டக்’ சத்தம். அது முழுதாக அடங்கட்டும்.)

மகள்: அம்மா மட்டும் பூட்டினாள்.

இரண்டாவது தடவை இழுத்துப் பார்ப்பதை எடிட்டில் தூக்கிவிடாதீர்கள். முதல் தடவை இழுப்பது எல்லாரும் செய்வது. இரண்டாவது தடவை இழுப்பவளிடம் ஏதோ இருக்கிறது. தண்ணீருக்குள் போகப்போகிற வீட்டை ஒருத்தி இவ்வளவு அக்கறையாகப் பூட்டுகிறாள் என்பதில்தான் நாவலின் முதல் பக்கம் தொடங்குகிறது, டிரெய்லரும் அங்கேயே தொடங்கட்டும்.

0:14 – 0:22

காட்சி: வயதான கை, தலையணைக்கு அடியில் நுழைந்து தடவுகிறது. சாவி தட்டுப்பட்டதும் விரல்கள் நிற்கின்றன. எடுக்கவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. மங்கிய நூல் ஒன்று சாவியின் வளையத்தில் கட்டியிருக்கிறது.

மகள்: நாற்பத்தொரு வருஷமாக அந்தச் சாவி அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சாவி பளபளவென்று இருக்க வேண்டும். தினமும் கை பட்ட பித்தளை அப்படித்தான் இருக்கும். கடைசியில் வரும் பூட்டு பச்சை படிந்து கிடக்கும். ஒன்றாக வாங்கிய இரண்டு பொருள்கள், ஒன்று கையில் இருந்தது, ஒன்று தண்ணீரில் இருந்தது. இந்த வித்தியாசத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை, கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

0:22 – 0:32

காட்சி: வேகமாக நான்கு ஷாட், ஒவ்வொன்றும் இரண்டரை விநாடி. பலகையில் 24. பட்டுப்போன மரங்களின் உச்சிகள் நீரிலிருந்து எழுகின்றன. பலகையில் 17, கரையோரப் பாறையில் பழைய நீர்மட்டம் விட்டுப்போன வெளுத்த பட்டை. கூரையில்லாத சுவர்கள், நடுவே வெடித்த சேறாக ஒரு தெரு.

மகள்: இந்தக் கோடையில் தண்ணீர் இறங்குகிறது. முதலில் மரங்கள். அப்புறம் சுவர்கள். அப்புறம் எங்கள் தெரு.

ஒலி: ஷாட்டுக்கு ஷாட் தண்ணீர்ச் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ‘தெரு’ என்ற சொல்லில் முழுக்க நின்றுவிடுகிறது. காற்று மட்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். இத்தாலியில் ரெஷென் ஏரியின் நடுவே மணிக்கோபுரம் மட்டும் நிற்கும் படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். 1950-இல் ஊர் மூழ்கியதிலிருந்து அது அஞ்சலட்டைப் படமாகிவிட்டது. அந்த மாதிரி அழகு நமக்கு வேண்டாம். ஸ்பெயினில் அசெரெதோ என்ற ஊர் 1992-இல் அணை நீரில் மூழ்கி, வறட்சியில் 2022 வாக்கில் முழுதாக வெளியே வந்தது. அந்தப் படங்களைப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு, இடிந்த கூரை, வீட்டுச் சாமான்கள். யாரோ சற்று முன்புதான் எழுந்து போனது போல இருக்கும். நமக்கு வேண்டியது அது.

இன்னொன்று, 9-க்குக் கீழே எந்த எண்ணும் பலகையில் தெரியக்கூடாது. நாவலில் அத்தியாயத் தலைப்புகளே நீர்மட்ட எண்கள்தான். கடைசி ஒன்பது அத்தியாயங்களைப் படித்தவர்கள் அந்த எண்களைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள், படிக்காதவர்களிடமிருந்து நாம் எதையோ பறித்துவிடுவோம்.

0:32 – 0:39

காட்சி: சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முதுகு. வெளியே வெளிச்சம். தலை கொஞ்சம் திரும்புகிறது, முகம் பாதிகூடத் தெரியாது.

அம்மா: எவ்வளவு இறங்கியிருக்கு?

மகள்: தினமும் இதை மட்டும்தான் கேட்கிறாள்.

0:39 – 0:46

காட்சி: வாசல் நிலையில் சாய்ந்து நிற்கும் மகள், கையில் டார்ச். அம்மாவின் கை தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறது. இருவரும் ஒரே ஷாட்டில் வர வேண்டாம். மாறி மாறி வரட்டும்.

மகள்: நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறேன். சாவியைத் தர மாட்டேன் என்கிறாள்.

நிகழ்காலத்தில் பேசுவது வேண்டுமென்றே செய்தது. ‘போனேன், பார்த்தேன்’ என்று ஒருத்தி கதை சொல்ல ஆரம்பித்தால், அவள் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள், எல்லாம் முடிந்து நாளாகிவிட்டது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரு விகுதியில்கூட முடிவு கசியும்.

0:46 – 0:54

காட்சி: இருட்டில் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை உருவும் மகளின் விரல்கள், ஒரு விநாடிதான். கட். விடியற்காலை. வெடித்த சேற்றில் நடக்கும் கால்கள். கட். கதவு. கறுத்து ஊறிப்போயிருக்கிறது, ஆனால் நிற்கிறது. பாதிக்கு மேல் சேறு. பச்சை படிந்த பூட்டு. மகளின் கட்டைவிரல் சாவித் துவாரத்தில் அடைத்த சேற்றைத் துடைக்கிறது. சாவி உள்ளே நுழைகிறது.

மகள் (சாவி எடுக்கும் ஷாட்டின் மேல்): நேற்று ராத்திரி, அவள் தூங்கியதும், எடுத்துக்கொண்டேன்.

ஒலி: சேறு நொறுங்கும் சத்தம். கதவருகே வந்ததும் அதுவும் இல்லை. துவாரத்துக்குள் சாவி உரசும் சத்தம் மட்டும், மிக அருகில்.

இவ்வளவு வருஷம் கழித்துக் கதவு எப்படி இருக்கும் என்று கலை இயக்குநர் கேட்டிருந்தார். சேற்றுக்குள் காற்று புகாது, அதனால் மரம் சீக்கிரம் மக்காது. இரும்புப் பூட்டு என்றால் துருப்பிடித்து இறுகியிருக்கும், அதற்காகத்தான் நாவலிலேயே அது பித்தளை. கதவைப் புதிதாகச் செய்து சாயம் பூசாதீர்கள். பழைய மரத்தைத் தேடிப் பிடித்து நாலு நாள் ஊறப் போடுங்கள்.

சாவி திரும்பக்கூடாது. திரும்பும் சத்தம்கூட வேண்டாம். திரும்பினால் ‘உள்ளே என்ன?’ என்று கேட்டு நிற்கும் டிரெய்லராகிவிடும். இந்த நாவல் கேட்பது அதை இல்லை. திரும்புவதற்கு முந்தைய கணத்தில், விரல்கள் இறுகுவதில், வெட்டுங்கள்.

0:54 – 1:00

காட்சி: முழு இருட்டு, இரண்டு விநாடி.

அம்மா (இருட்டின் மேல்): எவ்வளவு இறங்கியிருக்கு?

காட்சி: அட்டைப்படம் மெதுவாகத் துலங்குகிறது. நான்கு விநாடி நிற்கிறது. அட்டையில் இருக்கும் பெயர்களைத் தவிர வேறு எழுத்து இல்லை. ‘அதிர வைக்கும்’, ‘மறக்க முடியாத’ மாதிரி எதுவும் வேண்டாம். வாங்கும் விவரம் காணொளிக்குக் கீழே இருக்கும் குறிப்பில் போதும்.

ஒலி: தண்ணீர் பலகையில் மோதும் சத்தம், முதல் ஷாட்டில் வந்ததேதான். அட்டைப்படத்தின் நடுவில் நின்றுவிடுகிறது.

அம்மாவின் வரி பற்றி

இரண்டு இடத்திலும் ஒரே டேக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரே பதிவு, ஒரே ஏற்ற இறக்கம், ஒலியளவுகூட மாறாமல். நடிப்பவர் இரண்டு விதமாகப் பேசித் தந்தால், எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டாவதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

0:32-இல் கேட்கும்போது அது ஏக்கம். ஊரைப் பார்க்க ஆசைப்படும் ஒரு கிழவி என்று நினைத்துக்கொள்வோம். அதே வரியை, சாவியைத் திருட வேண்டி வந்ததைப் பார்த்த பிறகு இருட்டில் கேட்டால், அவள் கேட்டது ஆசையால்தானா என்ற சந்தேகம் வரும். அவள் பயந்துகொண்டிருந்தாளோ என்று தோன்றும். சோவியத் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்து, பார்ப்பவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சியைக் காணச் செய்தார் அல்லவா, அதை நாம் குரலில் செய்கிறோம். நான் நானூறு பக்கத்தில் எழுதிய மாற்றம் இதுதான். இது மட்டும் கிடைத்துவிட்டால் மற்ற எந்த ஷாட் பிசகினாலும் எனக்குக் கவலையில்லை.

ஆகவே பதிவின்போது நடிப்பவருக்கு முடிவைச் சொல்லாதீர்கள். ‘காலையில் பால் வந்துவிட்டதா என்று கேட்பது போலக் கேளுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். பத்து டேக் எடுத்து, அவற்றில் எதைக் கேட்டால் அவர் என்ன நினைக்கிறார் என்றே தெரியவில்லையோ அதை எனக்கு அனுப்புங்கள்.

எடிட்டருக்கு

வசன வரிகளைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள், பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆனால் கடைசி இருட்டில் வரும் அம்மாவின் வரிக்கு மட்டும் எழுத்து இரண்டாவது விநாடியில் வரட்டும், குரலுக்குச் சற்றுப் பின்னால். சத்தமில்லாமல் பார்ப்பவருக்கும் அந்த ஒரு விநாடி வெறும் இருட்டு கிடைக்க வேண்டும்.

1920×1080 தவிர 1080×1920-இலும் ஒரு பிரதி வேண்டும். நெட்டுவாக்கில் வெட்டும்போது 0:06-இல் பின்னால் திறந்து கிடக்கும் கதவுகள் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதற்காக அந்த ஒரு ஷாட்டை மட்டும் கேமராவைத் திருப்பித் தனியாக எடுங்கள். அந்தக் கதவுகள் தெரியாவிட்டால், அவள் பூட்டுவது யாரோ வெளியூர் கிளம்புவது போல ஆகிவிடும்.